ஜாமீன் கடிதத்தின் இடது மூலை

வக்கீல் ஆபீசுல டைப் அடிக்கிறவளுக்கு மனுஷங்க மேல மரியாதை மிஞ்சுறது கஷ்டம். இருபத்திரெண்டு வருஷமா அடிக்கிறேன். நான் அடிச்ச தாள்ல எவனும் எவனுக்கும் நல்லது பண்ணினதா ஒரு வரி கூட வந்ததில்ல. அண்ணன் தம்பிக்கு நோட்டீஸ், மாமனார் மருமகனுக்கு நோட்டீஸ், ஒரே சுவருக்கு ரெண்டு பேர் நோட்டீஸ். எல்லாத்துலயும் "மேற்படி", "மேற்படி"ன்னு மரியாதைக்கு மட்டும் குறைச்சல் இருக்காது.

எனக்கு ஒரு பழக்கம் உண்டு. ரொம்ப வருஷத்துக்கு முன்னாடி, நான் லீவுல இருந்த நாள்ல யாரோ அடிச்ச ஒரு பத்திரத்துல தேதி தப்பாகி, பழி என் தலையில விழுந்துச்சு. அன்னிலேருந்து நான் அடிக்கிற ஒவ்வொரு தாளுக்கும் அடியில, இடது மூலையில, பொடி எழுத்துல என் குறியைப் போட்டுடுவேன். ரெண்டு எழுத்து, நடுவுல ஒரு சாய்கோடு. மெஷின் போய் கம்ப்யூட்டர் வந்தும் அதை விடல. என் புருஷனோட லீவு லெட்டர்ல கூட அந்தக் குறி இருக்கும். அதைப் பார்த்து அவரு ஆபீசுல சிரிக்கிறாங்களாம். சிரிக்கட்டும். அவங்க லெட்டர்ல இருக்கிற தப்பைப் பார்த்து நான் சிரிக்கிறதில்லையா?

அன்னிக்குத் திங்கட்கிழமை. கட்டட ஓனர் ஒருத்தர் வந்தார். மூணு கட்டடம் வச்சிருக்கிற மனுஷன். வந்து உட்காரும்போதே நாற்காலிக்கு உபகாரம் பண்ற மாதிரி உட்காருவார். எங்க வக்கீல் ரூமுக்கும் என் மேஜைக்கும் நடுவுல அரைத் தடுப்பு தான். உள்ள பேசுறது எல்லாம் எனக்குக் கேட்கும். கேட்காத மாதிரி இருக்கிறதுக்கும் சேர்த்துத் தான் சம்பளம்.

விஷயம் இது தான். அவரோட கட்டடத்துல ஒரு கடையை ஒருத்தன் வாடகைக்கு எடுத்து வண்ண மீன் வித்துக்கிட்டிருந்தான். எட்டு மாசமா வாடகை வரல. ஒரு நாள் காலையில போய்ப் பார்த்தா கடை பூட்டியிருக்கு, போன் எடுக்கல, ஆளைக் காணோம். முன்பணமா குடுத்திருந்த மூணு மாச வாடகையைக் கழிச்சா இன்னும் அஞ்சு மாசம் பாக்கி. ஓடினவனை எங்க போய்ப் பிடிக்கிறது? ஆனா ஒப்பந்தம் போட்டப்போ ஜாமீன் கையெழுத்துப் போட்ட ஒருத்தன் ஊர்லயே இருக்கான். வாடகைக்கு இருக்கிறவன் கட்டலேன்னா நான் கட்டுறேன்னு எழுதிக் குடுத்திருக்கான். அவனைப் பிடிக்கலாமான்னு ஓனர் கேட்டார்.

வக்கீல் காகிதத்தைப் புரட்டினார். ஒப்பந்தம் ஒரு வருஷத்துக்குத் தான். அந்த ஒரு வருஷ வாடகை ஒழுங்கா வந்திருக்கு. அப்புறம் ஓனரும் மீன்காரனும் தங்களுக்குள்ளயே ஒரு தாள்ல எழுதி, வாடகையை ஏத்தி, இன்னொரு வருஷம் நீட்டிக்கிட்டாங்க. பாக்கி எல்லாம் அந்த ரெண்டாவது வருஷத்துல வந்தது.

"இந்த ரெண்டாவது தாள்ல ஜாமீன்காரர் கையெழுத்து இல்லையே?" ன்னு வக்கீல் கேட்டார்.

அவரை எதுக்கு மறுபடி கூப்பிடணும்னு விட்டுட்டோம் சார்னு ஓனர் சொன்னார். எனக்குச் சிரிப்பு வந்துச்சு. ஜாமீன் நின்னவனைக் கேட்காம கெடுவை நீட்டி, வாடகையையும் ஏத்தினா, ஏத்தின பிறகு வந்த பாக்கிக்கு அவன் பொறுப்பு இல்ல. இது எனக்கே தெரியும். இந்த மாதிரி பதில் நோட்டீஸ் நானே பத்துப் பன்னெண்டு அடிச்சிருப்பேன். வக்கீலுக்குத் தெரியாதா? கோர்ட்டுக்குப் போனா நிக்காதுன்னு அவரே சொன்னார். ஆனா அதோட விட்டா அவர் எப்படி வக்கீல்?

"என் பேர்ல நோட்டீஸ் அனுப்பினா அவன் பயந்து இன்னொரு வக்கீல்கிட்ட ஓடுவான். அவர் இந்தத் தாளைப் பார்த்ததும் முடிஞ்சுது. அதனால நீங்களே எழுதுற மாதிரி ஒரு கடிதம் போடுவோம். மரியாதையா இருக்கட்டும். நல்லவன்னு சொல்றீங்களே, நல்லவன் வக்கீல்கிட்ட போக மாட்டான். நேரா உங்ககிட்ட தான் வருவான்."

ஓனர் முகம் தெளிஞ்சுபோச்சு. ரெண்டு பேரும் சிரிச்சாங்க. நானும் தடுப்புக்கு இந்தப் பக்கம் சிரிச்சேன், பொய் சொல்வானேன். எவனோ ஒரு இளிச்சவாயன், கூட்டாளி தோள்ல கை போட்டதும் எங்க கையெழுத்துப் போடணும்னு பேனாவைத் தேடியிருப்பான், படிச்சுக் கூட பார்த்திருக்க மாட்டான்னு நினைச்சேன். இந்த மூஞ்சியையும் கட்டிக்கிட்டு ஒருத்தி குடும்பம் நடத்துவாளே, அவ பாவம்னு நினைச்சேன்.

வக்கீல் வாசகத்தைச் சொல்லச் சொல்ல எழுதிக்கிட்டேன். பேரும் முகவரியும் ஒப்பந்தத்தைப் பார்த்துப் போட்டுக்கோங்கம்மான்னு காகிதத்தை நீட்டினார். முதல் வரியில பேர், ஊர்ல நூறு பேருக்கு இருக்கிற பேர் தான். ரெண்டாவது வரியில கதவு எண். கதவு எண்ணை அடிச்சு முடிச்ச பிறகு தான் என் கை நின்னுச்சு. மூணாவது மாடின்னு அடுத்த வரி. அந்த மூணாவது மாடிக்குத் தான் தினமும் ஐம்பத்திநாலு படி ஏறிப் போறேன்.

அந்த இளிச்சவாயன் என் புருஷன்.

என் புருஷனைப் பத்தி ஊர்ல கேட்டா தங்கமான மனுஷன்னு சொல்லுவாங்க. ஊருக்கு எல்லாம் தங்கம், வீட்டுக்குத் தகரம். அவர் வேலை என்னன்னு சொன்னா நீங்க சிரிப்பீங்க. லிப்ட் மெக்கானிக். ஊர்ல இருக்கிறவன் எல்லாம் காலை ஆட்டாம மேல போக வழி பண்ணிட்டு, பொண்டாட்டியை மூட்டு தேய மூணு மாடி ஏற விட்டவர். மீன் கடைக்காரன் அவரோட பழைய கூட்டாளி, ஒண்ணா வேலை பார்த்தவன். நான் அவனுக்கு மீன்தொட்டின்னு பேர் வச்சிருக்கேன். ஊர்ல வண்ண மீன் கடை பத்து இருக்கு, அவன் கடை எங்கன்னு கூட நான் கேட்டதில்ல, அதான் ஓனர் சொன்னப்போ அவன் ஞாபகமே வரல. எங்க வீட்டுக்கு வந்து டீ குடிச்சுட்டு, எல்லாத்துக்கும் "மச்சான் இருக்கார்ல" ன்னு பல்லைக் காட்டுவான். மச்சான் இருக்கிறதை இப்படி ஸ்டாம்ப் தாள்ல எழுதி வாங்கியிருப்பான்னு எனக்குத் தெரியாது. என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா, பேனாவைப் பிடுங்கி எறிஞ்சிருப்பேன். அதனால தான் கேட்கல.

வலது முழங்கால் போய் நாலு வருஷம் ஆச்சு. டாக்டர் படி ஏறாதீங்கன்னு சொன்னார். ஏறாம வீட்டுக்குப் பறந்தா போக முடியும்? நாலு வருஷமா பிடிச்சுப் பிடிச்சுச் சேர்த்து, ரெண்டு தெரு தள்ளி ஒரு தரைத்தள வீடு பார்த்திருந்தோம். வாசலுக்கு ஒரே ஒரு படி. முன்பணத்துல பாதி குடுத்தாச்சு. மீதியை ஒண்ணாம் தேதிக்குள்ள குடுக்கணும், ஒரு நாள் தள்ளினாலும் வேற ஆளுக்கு விட்டுடுவேன்னு அந்த வீட்டு அம்மா கறாரா சொல்லிட்டாங்க. அந்த மீதி பேங்க்ல இருந்துச்சு. ரெண்டு பேர் பேர்லயும் கணக்கு, யார் கையெழுத்துப் போட்டாலும் எடுக்கலாம். அஞ்சு மாசக் கடை வாடகைக்கும் அதுக்கும் பெரிய வித்தியாசம் இல்ல.

உள்ள போய், சார் இது என் புருஷன்னு சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தா வக்கீல் சங்கடப்பட்டு, கடிதத்தை வேற எங்கயாவது அடிக்கச் சொல்லியிருப்பார், நாளைக்கு என்னை நம்பி ஒரு காகிதத்தைக் குடுக்க யோசிப்பார். அதனால வாயை மூடிக்கிட்டு அடிச்சேன். "தாங்கள் மேற்படி ஒப்பந்தத்தில் ஜாமீன்தாரராகக் கையொப்பமிட்டிருப்பதால், வாடகைதாரர் செலுத்தத் தவறிய ஐந்து மாத வாடகையை, இக்கடிதம் கண்ட பதினைந்து நாட்களுக்குள் தாங்கள் செலுத்தித் தீர்த்துக்கொள்ளுமாறு அன்புடன் கேட்டுக்கொள்கிறேன்." அன்புடனாம். ஓனர் கையெழுத்துப் போட்டார். ஒப்புதல் அட்டை வச்ச பதிவுத் தபால்ல அன்னிக்கே போச்சு.

வீட்டுக்குப் போய் அன்னிக்கே அவரைப் பிடிச்சு உலுக்கியிருக்கலாம். ஆபீஸ் விஷயம் வாசலைத் தாண்டக் கூடாதுன்னு எனக்கு நானே ஒரு சாக்கு சொல்லிக்கிட்டேன். சாக்கு தான் அது. வேணும்னா வாசகத்தைச் சொல்லாமலே, இப்படி ஒரு கடிதம் வந்தா பைசா குடுக்காதீங்கன்னு சொல்லியிருக்கலாம். ஒரு வரி போதும். எனக்கு வேற ஆசை. இந்த மனுஷன் வாயைத் திறக்கட்டும். வந்து முன்னாடி நின்னு, நான் இப்படி ஒரு முட்டாள்தனம் பண்ணிட்டேன், என்ன பண்றதுன்னு ஒரு தடவை கேட்கட்டும். கேட்ட அடுத்த நிமிஷம் அந்த ரெண்டாவது தாளைப் பத்திச் சொல்லி, நானே பதில் அடிச்சுக் குடுத்து, ஓனர் மூஞ்சியில கரியைப் பூசிடுவேன். கேட்காம எதுக்குச் சொல்லணும்?

வெள்ளிக்கிழமை ஓனர் வந்து ஒப்புதல் அட்டையைக் கோப்புல வைக்கச் சொல்லிக் குடுத்தார். அட்டையில என் புருஷன் கையெழுத்து, முந்தின நாள் தேதி. முந்தின நாள் அவருக்கு வார லீவு. காலையில வீட்டுல இருந்து வாங்கியிருக்கார். சாயங்காலம் நான் வந்தப்போ டீ போட்டு வச்சிருந்தார். முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் குடுக்கட்டுமான்னு கேட்டார். தப்பு பண்ணினவனுக்குத் தான் இவ்வளவு கரிசனம் வரும். கடிதத்தைப் பத்தி ஒரு மூச்சு இல்ல.

சரி, ரெண்டு நாள் போகட்டும்னு இருந்தேன். ரெண்டு நாள் நாலாச்சு. அவர் என்னைப் பார்க்கிறதும், நான் பார்த்தா பார்வையைத் திருப்புறதும், சாப்பிடும்போது தொண்டையைச் செருமுறதும், செருமிட்டு உப்பு கேட்கிறதும். உப்பு முன்னாடியே இருக்கும். நானும் உப்பை நகர்த்தி வைப்பேன், பேச மாட்டேன். மனசுக்குள்ள மட்டும் அவரைக் கிழிச்சுத் தோரணம் கட்டிக்கிட்டிருந்தேன். உலகத்துல எவன் கேட்டாலும் உதவி பண்ணுவார், பொண்டாட்டிகிட்ட ஒரு உண்மை சொல்ல வாய் வராது. இப்படி ஒரு கோழையோட எப்படி இருபத்தாறு வருஷம் இருந்தேன்னு எனக்கே ஆச்சரியம்.

ஒரு நாள் காலையில அவரே ஆரம்பிச்சார்.

"உனக்கு ஆபீசுல ஏதாவது... விசேஷம் உண்டா?"

எனக்கு உள்ளுக்குள்ள சிரிப்பு. நேரா கேட்கத் துப்பில்லாம சுத்தி வளைக்கிறார்னு நினைச்சேன். எங்க ஆபீசுல என்ன விசேஷம், ஊரான் சண்டை தான்னு சொல்லிட்டுப் பையை எடுத்துக்கிட்டுப் படி இறங்கினேன். ஒவ்வொரு படியிலயும் கால் சுளுக்குன்னு பிடிச்சுது. பரவாயில்ல, இன்னும் எத்தனை நாள், அடுத்த மாசம் ஒரே படின்னு சொல்லிக்கிட்டே இறங்கினேன். பணம் பத்தி எனக்குப் பயமே வரல. என்னைக் கேட்காம பேங்க் வாசலை மிதிக்கிற தைரியம் அவருக்கு எங்க இருக்குன்னு அவ்வளவு நம்பிக்கை. கோழைன்னு முடிவு பண்ணியாச்சுல்ல.

கடிதம் போய்ச் சேர்ந்து பதிமூணாவது நாள். ஓனர் ஆபீசுக்கு வந்தார். வர்ற நடையே வேற மாதிரி இருந்துச்சு. உள்ள போய் உட்காரும் முன்னாடியே, "முடிஞ்சுது சார், நீங்க சொன்ன மாதிரியே நேரா என்கிட்ட வந்துட்டார்" ன்னார்.

காலையில வந்தாராம். வாசல்லயே செருப்பைக் கழட்டிட்டு நின்னாராம். தவணை கேட்பாருன்னு ஓனர் எதிர்பார்த்தாராம், ஒரே தடவையா அஞ்சு மாசத்தையும் எண்ணிக் குடுத்தாராம். தண்ணி குடுத்தேன், அதைக் கூட வேண்டாம்னுட்டார், பாவம், ரொம்ப நல்ல மனுஷன்னு ஓனர் சொன்னார். நல்லவங்க இருக்கிறதால தான் நம்ம தொழில் நடக்குதுன்னு வக்கீல் சொன்னார். மறுபடி ரெண்டு பேரும் சிரிச்சாங்க. இந்தத் தடவை தடுப்புக்கு இந்தப் பக்கம் யாரும் சிரிக்கல.

"அம்மா, ஒரு ரசீது அடிச்சிடுங்க. முழுத் தீர்வாகப் பெற்றுக்கொண்டேன்னு போடுங்க. இனி எந்தப் பாத்தியதையும் இல்லன்னு."

அடிச்சேன். எப்படி அடிச்சேன்னு கேட்காதீங்க. பதினெட்டு வரி. ஒரு எழுத்துப் பிழை இல்ல. மனமுவந்து குடுத்ததை இனி திருப்பிக் கேட்க முடியாதுன்னு எனக்குத் தெரியும். மீன்தொட்டி மேல கேஸ் போடலாம், கட்டினவனுக்கு அந்த உரிமை உண்டு. காணாம போனவன் வீட்டுக் கதவுல நோட்டீஸை ஒட்டிட்டு வரலாம். அவ்வளவு தான்.

சாயங்காலம் ஐம்பத்திநாலு படியையும் நிக்காம ஏறினேன். வலி தெரியல, கோபம் அப்படி. அவர் நாற்காலியில உட்கார்ந்திருந்தார். டீ இல்ல. முகத்தைப் பார்த்ததும் சொல்ல ஆரம்பிச்சேன். பதிமூணு நாள் சேர்த்து வச்சிருந்ததை எல்லாம் கொட்டினேன். தரைத்தள வீட்டைச் சொன்னேன், முழங்காலைச் சொன்னேன், மீன்தொட்டியோட பல்லைச் சொன்னேன். ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே, கட்டின பொண்டாட்டி நான் செத்தா போயிட்டேன்னு கேட்டேன். இப்படி ஒரு வாயில்லாப் பூச்சியை எனக்குன்னு தேடிப் பிடிச்சுக் கட்டி வச்சாங்களேன்னு தலையில அடிச்சுக்கிட்டேன்.

அவர் எல்லாத்தையும் கேட்டார். எழுந்து போய் அலமாரியில துணிக்கு அடியிலிருந்து அந்தக் கடிதத்தை எடுத்துட்டு வந்தார். மடிச்சு மடிச்சுப் பார்த்ததுல மடிப்பு எல்லாம் நைஞ்சுபோயிருந்தது. மேஜை மேல விரிச்சு, ஓனர் கையெழுத்தைத் தாண்டி, அடியில இடது மூலையில விரலை வச்சார். பொடி எழுத்து ரெண்டு, நடுவுல ஒரு சாய்கோடு.

ஓனர் எழுதின மாதிரி இருக்கணும்னு வக்கீல் அவ்வளவு பாடுபட்டார். என் கை அதுபாட்டுக்குக் குறியைப் போட்டிருக்கு. எங்க யார் கண்ணுலயும் அது படல.

"வாங்கின அன்னிக்கே பார்த்துட்டேன்," ன்னார். "நீ தான் அடிச்சிருக்கே. உனக்கு எல்லாம் தெரியும். நீ வந்து திட்டுவேன்னு தினமும் உட்கார்ந்திருந்தேன். நீ ஒண்ணுமே சொல்லல. காலையில ஒரு நாள் நானே கேட்டேன், விசேஷம் ஒண்ணும் இல்லன்னுட்டே. சரி, நான் போட்ட கையெழுத்துக்கு நான் தான் கட்டணும்னு தான் நீ பேசாம இருக்கேன்னு புரிஞ்சுக்கிட்டேன். வேற வழி ஏதாவது இருந்தா நீ சொல்லாம இருப்பியா?"

நான் உட்கார்ந்தேன். அப்போ தான் முழங்கால் வலிக்க ஆரம்பிச்சுது. உப்பு கேட்ட மனுஷன் ஞாபகத்துக்கு வந்தார். முன்னாடி இருக்கிற உப்பைக் கேட்டவர். பதிமூணு நாளும் அந்தப் பக்கம் அவரும் இந்தப் பக்கம் நானும் காத்துக்கிட்டிருந்திருக்கோம். அவராவது பயந்துக்கிட்டுக் காத்திருந்தார். நான் ரசிச்சுக்கிட்டுல்ல காத்திருந்தேன்? ஊர்ல இருக்கிற முட்டாளுக்கெல்லாம் பேர் வைக்கிறவ, எனக்கு என்ன பேர் வைக்கிறதுன்னு தெரியாம உட்கார்ந்திருந்தேன்.

ரசீதோட நகலை என் பையிலிருந்து எடுத்து அவர்கிட்ட குடுத்தேன். வாங்கிப் படிச்சார், வரி வரியா. அதோட இடது மூலையையும் பார்த்தார். பார்த்துட்டு மெதுவா நிமிர்ந்தார்.

"ஏன், நிஜமாவே ஏதாவது வழி இருந்துச்சா?"

இருபத்திரெண்டு வருஷமா மத்தவங்க பொய்யை அடிச்சுக் குடுத்துக்கிட்டிருக்கேன். அன்னிக்குச் சொந்தமா ஒண்ணு சொன்னேன்.

"இல்லங்க. கட்டித் தான் ஆகணும்."

அவர் முகம் கொஞ்சம் தெளிஞ்சுது. வெந்நீர் வைக்கிறேன்னு சொல்லிட்டு அடுப்படிக்குப் போனார். வேண்டாம்னு சொல்லணும்னு தான் நினைச்சேன், சொல்லாம காலை நீட்டி வச்சுக்கிட்டேன்.